ஒரு நிமிஷக் காலட்சேபம்

நான்கு மணி நேரம் இடைவிடாமல் கதை சொல்லி, சபையில் ஒருவர்கூடக் கண்ணயராதபடி பார்த்துக்கொள்ளுகிற காலட்சேபக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் இந்த நாட்டில், ஒரே நிமிஷத்துக்குள் கதையைத் தொடங்கி, நடத்தி, மங்களம் பாடி, சபை முழுவதையும் உறங்க வைத்துவிட்டு எழுந்து போகிற வித்வாம்சினிக்கு ஒரு துண்டுகூடப் போர்த்துவார் இல்லை. காரணம் எளிது. போர்த்த வேண்டியவர்கள் அந்தச் சமயத்தில் தாங்களே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சபையில் ரசிகர்கள் இருவர். பேத்திக்கு நாலு வயசு. பேரனுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. வித்வாம்சினி என் மனைவி. கதைக்கு ஒரு நிமிஷம் என்று வரையறை செய்தவளும் அவளே. இந்த வரையறைக்குப் பின்னால் ஏதோ சோம்பல் இருப்பதாக முதலில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிறகு விசாரித்ததில், அது பல குழந்தைகளை வளர்த்த அநுபவத்திலிருந்து எடுத்த சித்தாந்தம் என்று தெரியவந்தது. குழந்தை கண்ணைக் கசக்கி, காது மடலைப் பிடித்து இழுத்து, காரணமில்லாமல் ஒரு சிணுங்கல் சிணுங்குகிற அந்தச் சமயந்தான் நித்திராதேவி வாசற்படியில் வந்து நிற்கிற சமயமாம். அவளை உள்ளே அழைக்காமல் நாம் வேறு வேலையில் இருந்துவிட்டால், அவள் கோபித்துக்கொண்டு போவது மட்டுமின்றி, போகும்போது குழந்தைக்கு ஒரு புதிய வேகத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதுவரை தலை சாய்ந்து கிடந்த குழந்தை எழுந்து, கட்டிலின் மேல் நின்று குதிக்கிறது, தண்ணீர் கேட்கிறது, மத்தியானம் தொலைந்த பம்பரத்தை இப்பொழுதே தேடித் தரச் சொல்கிறது. அப்புறம் அந்தத் தேவியை மறுபடி வரவழைக்க முக்கால் மணி நேரம் தவம் இருக்க வேண்டும். எனவே நீண்ட கதை என்பது, அதன் இலக்கியச் சிறப்பு எத்தகையதாயினும், இரவு எட்டரை மணிக்குப் பிறகு அநாசாரமே ஆகும்.

இந்த நோக்கில் பார்த்தால், நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற கதாசிரியர்கள் பலர் படுக்கையறைக்குள் பிரவேசிக்கவே யோக்கியதை இல்லாதவர்கள் என்பது விளங்கும். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையை நன்றாகத்தான் சொல்லிற்று. ஆனால் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்டது. கேட்டதோடு நில்லாமல், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாய்ப் போகும் என்று பயமுறுத்தியும் வைத்தது. அதன் பலன், ராஜா தூங்கவில்லை; வேதாளமும் தூங்கவில்லை; மயானத்துக்கும் முருங்கை மரத்துக்குமாக ஓர் இரவு முழுவதும் இரண்டு பேருக்கும் அலைச்சல். அரபுக் கதைகளில் வரும் ஷெஹர்ஸாத்தின் விஷயம் இன்னும் மோசம். கதை முடிந்தால் தலை போய்விடும் என்ற நிர்ப்பந்தத்தினால், பொழுது விடிகிற சமயம் பார்த்துக் கதையை நடுவில் நிறுத்திவிடுவாள். ஆயிரத்தோர் இரவுகள் அந்தச் சுல்தான் அரைகுறைத் தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். அவனுடைய குரூர சுபாவத்துக்கு வேறு காரணம் தேடுவானேன்?

தொலைதூரத்துக்குப் போக வேண்டியதில்லை. நம்முடைய காக்கை வடை திருடிய கதை இருக்கிறதே, அது குழந்தைகளுக்கென்றே பிறந்த கதை என்று எண்ணிப் பலர் அதை இரவில் பிரயோகம் செய்கிறார்கள். அந்தக் கதையில் திருட்டு இருக்கிறது, வஞ்சனை இருக்கிறது, அவற்றைக்கூட மன்னித்துவிடலாம். வடை இருக்கிறது, அதை மன்னிப்பதற்கில்லை. பாட்டி வடை சுட்டாள் என்று நீங்கள் சொல்லி வாய் மூடுவதற்குள், கட்டிலிலிருந்து, “எனக்கு வடை?” என்று ஒரு குரல் எழும். அந்தக் கேள்விக்கு இரவு எட்டரை மணிக்குத் திருப்திகரமான பதில் சொல்லக்கூடிய வீடு எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

என் மனைவியின் தம்பி, குழந்தைகளுக்கு மாமாத் தாத்தா, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இந்தப் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொள்வார். நல்ல சாரீரம், இளமையில் நாடகத்தில் துரியோதனனாக வந்தவர். அவருடைய கதைகளில் புலி இல்லாத கதை இல்லை. அந்தப் புலி உறுமாத கதையும் இல்லை. கதை முடிந்ததும் அவர் விளக்கை அணைத்துவிட்டு, குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். குழந்தைகள் இருவரும் இருட்டில் எழுந்து உட்கார்ந்து, அந்தக் குறட்டையையும் புலியின் கணக்கில் சேர்த்து, கைகோத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து சேருவார்கள். “அத்தான், குழந்தைகள் கதையை எவ்வளவு ரசித்தார்கள் தெரியுமா? கண்ணையே மூடவில்லை” என்று மறுநாள் காலையில் அவர் சொல்லும்போது, அந்தச் சான்றிதழை மறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிமிஷத்துக்குள் எவ்வளவு அடங்கும்? சாதாரணமாக நாம் பேசுகிற வேகத்தில் நிமிஷத்துக்கு 100 சொற்களுக்குக் குறையாமல் சொல்லிவிடலாம். ஆனால் தூங்கப் போகிற குழந்தைக்கு அந்த வேகம் ஆகாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி வேண்டும். பறவைக்கும் மிருகத்துக்கும் குரல் கொடுக்க நேரம் வேண்டும். குழந்தை ‘ம்’ கொட்ட இடம் விட வேண்டும். இத்தனையும் போக மிஞ்சுவது ஏறக்குறைய 60 சொற்கள். என் மனைவி சொல்லுகிற கதையில் 55 தான். எங்கள் ஹாலில் உள்ள சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளை வைத்துக்கொண்டு நான் கதவோரம் நின்று பரிசோதனை செய்தபோது, முள் முழு வட்டம் சுற்றுவதற்குச் சற்று முன்பே கதை முடிந்துவிட்டது. கதை இதுதான்:

“ஒரு ஊரிலே ஒரு கன்னுக்குட்டி. கழுத்திலே ஒரு மணி. கிணி கிணி, கிணி கிணி. சாயங்காலம் ஆச்சு. கன்னுக்குட்டி வீட்டுக்குப் போச்சு.

“மரத்து மேலே காக்கா. கா, கா. காக்கா கூட்டுக்குப் போச்சு. கிணி கிணி, கிணி கிணி.

“வேலி ஓரத்திலே ஆடு. மே... மே... ஆடு பட்டிக்குப் போச்சு. கிணி... கிணி...

“கொட்டகையிலே அம்மா. ம்மா... கன்னுக்குட்டி அம்மா பக்கத்திலே படுத்துக்கிச்சு. கிண்ண்ண்...

“காக்கா தூங்கிச்சு. ஆடு தூங்கிச்சு. கன்னுக்குட்டி தூங்கிச்சு. மணியும் தூங்கிச்சு. ம்ம்ம்...”

அவ்வளவுதான். பத்திரிகைக்கு அனுப்பினால் தபால் தலை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்பி வந்துவிடும். சம்பவம் இல்லை, திருப்பம் இல்லை, கதாநாயகனுக்கு ஒரு குணதோஷமும் இல்லை. முதல் தடவை கேட்டபோது, இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்க நானும் வாயெடுத்தேன். அதற்குள் ரசிகர்கள் இருவரும் தூங்கிவிட்டபடியால் சாடையினாலே அடக்கப்பட்டேன். பிறகு தனியே உட்கார்ந்து யோசித்ததில், இந்த 55 சொற்களுக்குள் நன்னூல் எழுத்தியலில் ஒரு பகுதி ஒளிந்துகொண்டிருப்பது எனக்குப் புலப்பட்டது. பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் நன்னூல் கற்பித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் வகுப்பிலேயே உறங்கியதுண்டு என்று சிலர் இதற்குள் குறுக்குச் சால் ஓட்டக்கூடும். அது மத்தியான வேளையின் குணம். அதற்கும் இலக்கணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மெய்யெழுத்துக்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நம் முன்னோர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். வல்லினத்தின் தொழில் என்னவென்றால் காற்றை அடைத்து உடைப்பது. ‘க்’ என்று சொன்னால் அந்த இடத்தில் மூச்சு நின்று வெடிக்கிறது. மறுபடி சொன்னால் மறுபடி வெடிக்குமே தவிர, நீளாது. மெல்லினமோ மூக்கின் வழியாகக் கசிந்து வருகிற ஓசை. மூச்சு உள்ளவரை அதை இழுத்துக்கொண்டே போகலாம். அதனாற்றான் பவணந்தி முனிவர், ஒற்றெழுத்து அளபெடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது, ங், ஞ், ண், ந், ம், ன் என்னும் ஆறு மெல்லினத்துக்கும் வ், ய், ல், ள் என்னும் நான்கு இடையினத்துக்கும் ஆய்தத்துக்குமே அந்தச் சலுகையைக் கொடுத்தார். வல்லினம் ஆறில் ஒன்றுக்குக்கூட அது கிடையாது. இந்தச் சூத்திரத்தை என் மனைவி படித்தவள் அல்லள். நான் படிக்கச் சொல்லிக் கொடுக்க முயன்றபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனவள். ஆனாலும் அவளுடைய கதை ‘கா’ என்று வல்லினத்தில் ஆரம்பித்து, ‘மே’ என்று மெல்லினத்துக்கு இறங்கி, ‘ம்மா’வில் உதடு மூடித் திறந்து, கடைசியில் உயிரும் இல்லாமல் ‘ம்’ என்ற ஒற்று ஒன்றிலேயே போய் அடங்குகிறது. ஆட்டையும் காக்கையையும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பாதி மூடிய கண்கள் ‘கா’ என்ற இடத்தில் திறந்துகொள்ளும்.

அந்த மணியைக் கவனியுங்கள். ‘கிணி’ என்ற ஓசைக்கு முன்பாதி வல்லினம், பின்பாதி மெல்லினம். முதலில் நான்கு தடவை, அடுத்தும் நான்கு, பிறகு இரண்டு, அப்புறம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் ‘கி’ சிறுத்துப்போய் ‘ண்’ மட்டும் நீண்டு நிற்கிறது. கன்றுக்குட்டி நடை தளர்ந்துவிட்டது, நின்றுவிட்டது, படுத்துவிட்டது என்பதையெல்லாம் வர்ணிக்கத் தேவையே இல்லாமல் மணியே சொல்லிவிடுகிறது. ‘ஜல் ஜல்’ என்று சலங்கை கட்டியிருந்தால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். சலங்கை என்றால் வண்டி வந்துவிடும், வண்டி வந்தால் எந்த ஊருக்குப் போகிறது என்ற கேள்வி வந்துவிடும் என்று அந்த யோசனை நிராகரிக்கப்பட்டது. கோழியைச் சேர்க்கலாமே என்றேன். ‘கொக்கரக்கோ’ என்று நாமே விடிய வைத்துவிட்டு அப்புறம் எப்படித் தூங்கச் சொல்வது என்று பதில் வந்தது. அதிலும் நியாயம் இருக்கவே செய்கிறது.

குரலைத் தணிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே ரகசியம் பேசுகிற மாதிரி சொன்னால் குழந்தை தூங்காது. ரகசியம் என்றாலே அது தனக்குத் தெரியக்கூடாத விஷயம் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொள்ளும். என் மனைவி முதற்பகுதியைச் சாதாரணக் குரலில்தான் சொல்கிறாள். ஆடு வருகிற இடத்தில் ஒரு படி இறங்குகிறாள். மாட்டுக் கொட்டகைக்குள் போனதும் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு முழு மூச்சு விடுகிறாள். எழுத்தின் ஒலியை அளக்க மாத்திரை என்ற அளவை வகுத்த பெரியோர்கள், இயல்பான மனிதர் ஒருவர் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று சொல்லி வைத்தார்கள். தூக்கம் வந்த குழந்தையின் இமை இயல்பான இமை அன்று. அது மூடினால் திறக்க நேரமாகிறது. திறந்தாலும் முழுவதும் திறப்பதில்லை. எனவே கதையின் கடைசிப் பகுதியில் மாத்திரையின் அளவே நீண்டுபோகிறது என்று கொள்ள வேண்டும். சொல்பவள் அந்த இமையைப் பார்த்துச் சொல்கிறாளே ஒழிய, என்னுடைய விநாடி முள்ளைப் பார்த்தல்ல.

புதுமைப் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தினந்தோறும் புதுக் கதை சொல்ல வேண்டும் என்ற ஆசை படுக்கையறையில் செல்லாது. காக்கை கூட்டுக்குப் போவதற்குப் பதிலாக மரப்பொந்துக்குப் போயிற்று என்று நான் ஒரு நாள் மாற்றிச் சொன்னபோது, தூங்கிவிட்டதாக எல்லோரும் நம்பியிருந்த பேத்தி, “இல்லே தாத்தா, கூடு” என்று கண்ணை மூடியபடியே திருத்தினாள். அடுத்து வரப்போவது என்ன என்று குழந்தைக்குத் தெரிந்திருப்பதனாலேயே அது கவலையற்றுக் கண்ணை மூடுகிறது. மூன்று ஜீவன்களும் இருப்பிடம் சேர்ந்த வரிசையிலேயே கடைசியில் தூங்கப் போவதும் அதற்காகத்தான். அந்த இடத்தில் புதிதாக ஒரு பூனை தலை நீட்டினால்கூடக் காரியம் கெட்டுவிடும். அமெரிக்காவில் மார்கரெட் வைஸ் பிரௌன் என்ற அம்மாள் 1947-இல் ஒரு குழந்தைப் புத்தகம் எழுதினார். ஒரு முயல் குட்டி, தன் அறையில் உள்ள நாற்காலி, சீப்பு, பொம்மை வீடு, ஜன்னலில் தெரியும் சந்திரன் முதலிய எல்லாவற்றிடமும் ஒவ்வொன்றாக இரவு விடை பெற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான் கதை. சித்திரக்காரர் கிளெமென்ட் ஹர்ட், பக்கம் புரளப் புரள அந்த அறையின் வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனார். இன்றும் அந்தப் புத்தகம் விற்பனையில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொட்டகைக்கும் அந்த அறைக்கும் எந்தப் போக்குவரத்தும் இருந்திருக்க நியாயமில்லை. இருந்தும் இரண்டு இடத்திலும், முன்பே பார்த்த பொருள்களை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி அணைத்துவிட்டு வருகிற காரியமே நடக்கிறது.

கதை பலிக்கிறதா இல்லையா என்று அறிவதற்கு ‘ம்’ ஒன்றே அளவுகோல். காக்கை வருகிற வரை ‘ம்’ உடனுக்குடன் விழும். அதில் ஓர் உற்சாகமும் இருக்கும். ஆடு வருகிறபோது அது சற்றுத் தாமதித்து விழ வேண்டும். கொட்டகையில் ஒரு ‘ம்’முக்குப் பதில் நீண்ட ஒரு மூச்சு வந்தால் நல்ல சகுனம். அதற்குப் பிறகு ஒன்றும் வராது, வரக்கூடாது. மாறாக, ஆடு வருகிற இடத்தில் ‘ம்’ வேகம் கூடி, “அப்புறம்?” என்ற சொல்லாக உருவெடுத்தால், சொல்பவர் எங்கோ அவசரப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு நரியை அழைத்து வராமல், முன்பு சொன்ன வாக்கியத்தையே இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும். “ஏன் காக்கா கூட்டுக்குப் போச்சு?” என்று கேள்வி பிறந்தால், “சாயங்காலம் ஆச்சு” என்ற பழைய வாக்கியமே அதற்குப் பதில். காக்கையின் குடும்ப நிலவரம், கூட்டின் கட்டுமானம், குயில் அதில் முட்டையிடும் விபரம் ஆகியவற்றை விஸ்தரிக்கும் சபலம் என்னைப் போன்ற படித்தவர்களுக்கு உண்டாவது சகஜமே. அதைக் காலைக் காப்பி வேளைக்கு ஒத்தி வைக்கலாம்.

பசி, காய்ச்சல், காது வலி, மூக்கடைப்பு இவற்றின் முன்னால் இந்தக் கதை செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் நாலு மணி வரை தூங்கி எழுந்த குழந்தையிடமும் செல்லாது. அந்தக் குழந்தைக்கு மாமாத் தாத்தாவைத்தான் அனுப்ப வேண்டும்.

இந்தக் கலையை வீட்டில் பழக நினைக்கிற வாசகர்களுக்கு என் பிரார்த்தனை ஒன்றே ஒன்று. மணியும் தூங்கி, ‘ம்’ என்ற ஒலியும் அடங்கி, மூச்சு ஒரே சீராக வர ஆரம்பித்த பிறகு, தாங்கள் சம்பாதித்த வெற்றியைக் காதாலும் கேட்டு மகிழ வேண்டும் என்ற ஆசையினால், தயவுசெய்து குழந்தையின் முகத்தருகே குனிந்து, “தூங்கிட்டியா கண்ணு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.